புதுசா கடை போடுறவங்க பிரேக் ஈவன் கணக்குல விடுற தப்பு

போன மாசம் காரைக்குடி செக்காலை பக்கம் பலகாரக் கடை போடணும்னு ஒரு தம்பி என்கிட்ட நோட்டைக் கொண்டாந்து காமிச்சான். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் அழகா எழுதி, கீழ ரெட்டைக் கோடு போட்டு "மாசம் 1,20,000 வித்தா போதும்ணே, அதுக்கு மேல எல்லாம் லாபம்"னான். லாபமும் இல்லாம நட்டமும் இல்லாம செலவு மட்டும் தேறுற அந்த விற்பனைதான் பிரேக் ஈவன், கீழ நான் கோடுன்னு சொல்றதும் அதைத்தான். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, ஏன்னா 11 வருசத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி ஒரு கோட்டைப் போட்டுத்தான் கடையைத் திறந்தேன்.

கணக்கே எழுதாம இருக்குறது, கல்லாவுல இருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்குறது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, அதை விட்டுர்றேன். கணக்கு எழுதுறவங்களே விடுற தப்பைப் பத்தித்தான் இது.

மொதல் மேல வச்ச லாபத்தை விலை மேல வச்ச லாபமா நினைக்கிறது

இன்னைக்கும் எனக்கு எரிச்சலா வர்ற தப்பு இதான், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

தம்பியோட மாசச் செலவு, வித்தாலும் விக்காட்டியும் கொடுத்தே ஆகணும்ங்குற செலவு, இதுதான்: வாடகை 12,000. ரெண்டு பேர் சம்பளம் 20,000. தீபாவளிக்கு அவங்களுக்கு ஒரு மாச சம்பளம் போனஸ், அதைப் பன்னெண்டா வகுத்தா மாசம் 1,700. கடை அட்வான்ஸுக்கு ஒரு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கிருக்கான், அதுக்கு 2,000. கரண்ட் 2,800. போன், விளக்குமாறு, டீ, சில்லறைச் செலவு 1,500. மொத்தம் 40,000. இது வரைக்கும் நல்லாத்தான் எழுதிருக்கான், போனஸையும் அட்வான்ஸ் வட்டியையும் சேக்குறவங்களே கம்மி.

தேன்குழல், கைமுறுக்கு, சீப்பு சீடை எல்லாம் வீட்டுல சுட்டுக் குடுக்குற ஆச்சிமார்கிட்ட சராசரியா கிலோ 240க்கு எடுத்து 320க்கு விக்கப் போறான். கிலோவுக்கு 80 ரூவா. 240ல 80ன்னா மூணுல ஒரு பங்கு, நூத்துக்கு 33 லாபம், 40,000ஐ 33 சதவீதத்தால வகுத்தா 1,20,000. ரெட்டைக் கோடு.

தப்பு எங்கன்னா, அந்த 33ங்குறது வாங்குன விலை மேல வச்சது, ஆனா கல்லாவுல வந்து விழுறது விக்கிற விலை. 1,20,000க்கு வித்தான்னா அதுக்குள்ள சரக்கு வாங்குன காசே 90,000 இருக்கு. மிச்சம் 30,000. செலவோ 40,000. அவன் "தொட்டாச்சு"ன்னு நினைக்கிற அன்னைக்கு மாசம் பத்தாயிரம் கையை விட்டுப் போய்க்கிட்டு இருக்கும். 80ஐ 320ஆல வகுக்கணும், அப்ப 25 சதவீதம் வரும், 40,000ஐ 25 சதவீதத்தால வகுத்தா 1,60,000.

நம்ம ஊரு வியாபாரத்துல எல்லாரும் "நூத்துக்கு இவ்வளவு வச்சு விக்கிறேன்"னுதான் பேசுவோம், அது எப்பவுமே மொதல் மேலதான். விலை போடுறதுக்கு அது சரி. அந்த நம்பரையே தூக்கிட்டு வந்து பிரேக் ஈவன்ல போட்டாத்தான் கவுத்துரும். நான் ஏழு மாசம் அப்படித்தான் இருந்தேன், கோட்டைத் தாண்டியாச்சுன்னு நிம்மதியா தூங்குனேன், ஆனா மாசா மாசம் சரக்குக்காரங்களுக்குக் குடுக்கக் காசு பத்தல, வீட்டுக்காரி சீட்டு எடுத்த பணத்தை வாங்கிப் போட்டேன், சரக்குல போட்ட பணம் அப்படியே நிக்குது அதான் கை இறுக்கமா இருக்குன்னு நானே ஒரு காரணமும் சொல்லிக்கிட்டேன். கடைசியில பக்கத்துத் தெருவுல இருந்த ஒரு செட்டியார், சின்ன வயசுல பேரேடு எழுதிப் பழகுனவரு, என் நோட்டை ரெண்டு நிமிசம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "தம்பி, இந்த முப்பத்திமூணு மொதலுக்கா, விலைக்கா?" அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. அன்னைக்குத்தான் போட்ட பணத்துல எவ்வளவு கரைஞ்சு போச்சுன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு.

சரி, 25ஆவது உண்மையான்னா அதுவும் இல்ல. 100 கிலோ எடுத்தா 100 கிலோவும் விக்காது. முறுக்கு உடையும், சீடை நமுத்துப் போகும், எண்ணெய் சிக்கு வாடை வந்தா எடுத்து ஓரமா வச்சுரணும், பாத்துட்டுப் போறவங்க ருசிக்கு ரெண்டு எடுப்பாங்க. 4 கிலோ அப்படிப் போகுதுன்னு வச்சுக்குங்க. 96 கிலோ வித்தா 30,720 ரூவா. சரக்குக்கு 24,000. கவரு, டப்பா, லேபிள் கிலோவுக்கு 8 ரூவா, அது 768. மிச்சம் 5,952. இதை 30,720ஆல வகுத்தா 19.4 சதவீதம். இப்ப 40,000ஐ வகுத்துப் பாருங்க, 2,06,000 வருது. நோட்டுல இருந்தது 1,20,000.

கடை ஓட ஆரம்பிச்சப்புறம் இந்த 4 கிலோ, 8 ரூவான்னு ஊகம் பண்ண வேண்டியதே இல்ல. மூணு மாசம் முந்தி இருந்த இருப்புச் சரக்கோட வாங்குனதைக் கூட்டி, இப்ப இருக்குறதைக் கழிச்சா வித்ததுக்கு ஆன சரக்கு மொதல் வந்துரும். அதோட அந்த மூணு மாசத்துக் கவரு, டப்பா செலவையும் சேத்து மொத்த விற்பனையில கழிச்சு, மிச்சத்தை விற்பனையால வகுங்க. உடைஞ்சது, கெட்டது, களவு போனது எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். ஆனா இருப்பை நிறுத்து எழுதணும், வாங்குன விலையில எழுதணும். விக்கிற விலையில எழுதுனா மறுபடியும் பழைய குழிதான்.

கல்யாண ஆர்டர்னு வந்து "பத்து பர்சன்ட் குறைச்சுக்குங்க"ன்னு கேக்கும்போதும் இதே கணக்குதான். கவரு செலவு போக கிலோவுக்கு 72 நிக்கிற இடத்துல 320ஐ 288 ஆக்குனா 40தான் நிக்கும். பத்து குறைச்சோம்னு நினைப்போம், கையில வர்றதுல கிட்டத்தட்ட பாதி போயிருக்கும்.

சொந்தக் கட்டடம், வாடகை பூஜ்யம்னு எழுதுறது

வெளியாளுக்கு விட்டா என்ன வருமோ அதை எழுதுங்க.

ஜிஎஸ்டி

ஜிஎஸ்டி போட்டு பில் குடுக்குற கடைன்னா வாங்குறவர்கிட்ட வசூல் பண்ற வரி நம்ம விற்பனை இல்ல. கழிச்சுட்டு எழுதுங்க.

சராசரி மாசத்தை வச்சு நிம்மதி ஆகுறது

விற்பனை மாசத்துக்கு மாசம் ஒரே மாதிரி வராது, எங்க ஊருல சுத்தமா வராது. தை, வைகாசி, ஆவணியில கல்யாணம், ஐப்பசியில தீபாவளி, வெளிநாட்டுல இருக்குறவங்க ஊருக்கு வர்ற நாள், செட்டிநாட்டு வீடு பாக்க டூரிஸ்ட் வர்ற நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், இதெல்லாம் ஒரு பக்கம். ஆடி, புரட்டாசி, மார்கழி இன்னொரு பக்கம். ஆங்கில மாசத்துல எழுதுனா ஆடியில பாதி ஜூலைக்கும் பாதி ஆகஸ்டுக்கும் போயி அந்தப் பள்ளமே கண்ணுக்குத் தெரியாது, அதனால தினக் கல்லாவைத் தமிழ் மாசப்படியும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

கணக்கு எளிசா இருக்க நூத்துக்கு 20 நிக்குது, செலவு 40,000, கோடு 2,00,000ன்னு வச்சுக்குவோம். ஆனியில கடை திறந்து 1,50,000 வித்தா 10,000 குறை. ஆடியில 1,10,000, 18,000 குறை. ஆவணியில 2,10,000, 2,000 மிச்சம். புரட்டாசியில 1,40,000, 12,000 குறை. வருசச் சராசரி கோட்டுக்கு மேலேயே இருக்கலாம், ஆனா ஐப்பசி வர்றதுக்குள்ள 38,000 கையில இருந்து போட்டிருக்கணும், அதுக்கு மேல தீபாவளிச் சரக்கு எடுக்கவும் காசு வேணும். தொடர்ந்து வர்ற மட்டமான மாசங்களோட குறையைக் கூட்டி அந்தப் பணத்தைத் தனியா ஒதுக்கி வச்சுட்டுத்தான் கடையைத் திறக்கணும், மறுநாளே வாடகை கேட்டு ஆள் வந்து நிப்பாங்க, அவங்ககிட்ட சராசரியைச் சொல்லி என்ன பண்றது.

இதுல இன்னொன்னு இருக்கு. வியாபாரம் மந்தமானா சரக்கு தேங்கும், தேங்குனா கெட்டுப் போறதும் கூடும். 4 கிலோ போன இடத்துல 8 கிலோ போனா 19.4 சதவீதம் 16 ஆயிரும், அந்த மாசத்துக் கோடு 2,06,000ல இருந்து சுமார் 2,50,000க்கு ஏறிரும். விற்பனை இறங்குற அதே மாசத்துல கோடு மேல ஏறுது. அதனால ஆடியில ஆச்சிமார்கிட்ட சொல்லி வாரத்துக்கு ஒருக்கா எடுக்குறதை ரெண்டு தடவையா, பாதிப் பாதியா எடுங்க, அதுலயே நிறைய மிச்சம் ஆகும்.

இன்னொரு ஆளைச் சும்மா சேத்துக்கிறது

அதே 19.4 சதவீதத்துல பாத்தா, சம்பளத்துல 1,000 ரூவா கூடுனா 5,000க்கு மேல கூட விக்கணும். 10,000 சம்பளத்துக்கு ஆள் வச்சா 51,000 சொச்சம். அந்த ஆளால அவ்வளவு கூட விக்குமான்னு மட்டும் கேளுங்க.

கோட்டை ரூபாயிலயே விட்டுட்டுப் போறது

2,06,000ங்குறது மனசுல நிக்காது. மாசம் 26 நாள் கடை திறந்தா நாளுக்கு சுமார் 7,900. ஒரு பில் சராசரி 160ன்னா நாளுக்கு 50 பில். பத்து மணி நேரம் கடைன்னா 12 நிமிசத்துக்கு ஒரு ஆளு வாங்கிட்டுப் போகணும். இதைப் போயி எண்ணிப் பாத்துரலாம், அதான் இதுல விசேசம். இதே மாதிரி பலகாரக் கடை எதிர்ல ஒரு டீக்கடையில உக்காந்து, ஒரு செவ்வாக்கிழமை, ஒரு சனிக்கிழமை, கையில பையோட வெளிய வர்றவங்களை எண்ணுங்க. நல்ல முகூர்த்த நாள்ல போயி எண்ணாதீங்க.

தம்பியை அப்படித்தான் அனுப்பி வச்சேன். செவ்வாக்கிழமை 31, சனிக்கிழமை 37, சராசரி 34. அதுவும் ஏற்கனவே நாலு வருசமா ஓடுற கடையில. நோட்டைத் திரும்ப விரிச்சோம். பெரிய கடையை விட்டுட்டு 7,000 வாடகையில உள் தெருவுல சின்னதா ஒண்ணு, ஆளு ஒருத்தர், அட்வான்ஸ் கம்மி, எல்லாம் சேத்து 24,000. அதுக்கு 19.4 சதவீதத்துல 1,24,000 விக்கணும், நாளுக்கு 30 பில். தனக்குன்னு மாசம் 15,000 சம்பளம் சேத்தா 48 பில். ரெண்டு கோட்டையும் தனித்தனியா எழுத வச்சேன். வீட்டுல பொண்டாட்டிக்கு வேலை இருக்கு, மொத வருசம் 30ஐ மட்டும் பாத்துக்குறேண்ணேன்னான். ஆனியில வேணாம், ஆவணி பொறந்து திறடான்னு சொல்லிருக்கேன், புரட்டாசி ஒரு மாசத்தை மட்டும் தாண்டுனா தீபாவளி வந்துரும்.