சேலையில் குறுக்கே ஓடும் கோடு: பருத்தி நெசவில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

எங்கள் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பருத்திச் சேலை திரும்பி வந்தது. உடலில் இரண்டு இடத்தில் மெல்லிய கோடு, குறுக்கே. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் துணி சற்று விலகியிருப்பது தெரிந்தது. "தறியில் உட்கார்ந்தவர் கவனிக்கவில்லை" என்றுதான் முதலில் சொன்னார்கள். நெசவில் எந்தக் குறை வந்தாலும் கடைசியாக அந்தத் துணியைத் தொட்டவர் தலையில்தான் அது விழுகிறது. ஆனால் சேலைக்குக் கைவைத்தவர்கள் ஒருவர் அல்லர். நூல் சிட்டம் பிரித்தவர், நீளவாட்டு இழைகளான பாவை ஓட்டியவர், கஞ்சி தோய்த்தவர்கள், ஊடை என்னும் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றியவர், அப்புறம்தான் நெய்தவர்.

அந்தச் சேலைக்கு எவ்வளவு வேலை பிடித்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தரை மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், 80-ம் நம்பர் நூல். அங்குலத்துக்குப் பாவில் 80 இழை, ஊடையிலும் 80. அகலத்தில் மட்டும் 3,840 இழைகள். நீளத்தில், ஊடையைச் சுமந்து செல்லும் நாடா சுமார் 17,300 முறை குறுக்கே ஓடியிருக்கும். நிமிடத்துக்கு 40 ஊடை என்று இடைவிடாமல் போட்டாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இழை அறுவது, தார் மாற்றுவது, துணியைச் சுற்றுவது எல்லாம் சேர்த்தால் முந்தானையும் கரையும் எளிமையாக உள்ள சேலைக்கே ஒன்றரை, இரண்டு நாள் போய்விடும். தெருவில் பாவுக்குக் கஞ்சி தோய்த்த வேலை இதில் சேரவில்லை.

முதல் தவறு பெரும்பாலும் அந்தத் தெருவில்தான் நடக்கிறது. பாவடி என்னும் தெருவெளியில் பாவை நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி தோய்ப்பார்கள். நான்கைந்து பேராவது வேண்டும், விடியலில் ஆரம்பிக்க வேண்டும். கஞ்சி எதற்கு? பருத்தி இழையைக் கூர்ந்து பார்த்தால் மயிர் மயிராக நிற்கும். தறியில் மிதியை மிதித்ததும் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்தால்தான் நடுவில் நாடா ஓடும். மயிர் படியாவிட்டால் பக்கத்து இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாடா ஓர் இழைக்குக் கீழே போக வேண்டிய இடத்தில் மேலே போய்விடும். சேலையின் முகத்தில் சிறு தொங்கல் தெரிவது இதனால்தான்.

சரி, கஞ்சியைக் கெட்டியாக வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. கஞ்சி கெட்டியானால் இழை விறைத்து, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் ஊடையை அடித்துச் சேர்க்கும் அச்சிலும் உரசி அறும். நெய்யும்போது அச்சுக்குக் கீழே வெள்ளைத்தூள் கொட்டினால் கஞ்சி கூடிப்போனது என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அளவுக்கோப்பை எடுப்பதில்லை. காய்ந்த இழையை இரண்டு விரலுக்கிடையே இழுத்துப் பார்ப்பார்கள். வழவழப்பாக இருக்க வேண்டும், வளைத்தால் முறியக் கூடாது. கையில் வரும் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

கஞ்சியை விடப் பெரிய பிழை அதைக் காயவைப்பதில் வரும். தோய்த்த பாவின் மேல் பிரஷ்ஷை ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இழை காய்ந்து முடியும்வரை. நடுவில் நிறுத்தினால் இழைகள் ஒட்டி உலர்ந்துவிடும். பிறகு தறியில் பிரிக்கும்போது அறும். வெயில் ஏறிவிட்டால் பிரஷ் ஓடி முடிப்பதற்குள் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் காயவே காயாது. ஆகவே விடியல் நேரம் சடங்கு அல்ல, தேவை. மேலும், ஒரே பாவில் பல சேலைகள் நெய்வோம். தெருவில் நடந்த ஒரு பிழை அத்தனை சேலைகளிலும் வரும். நெய்பவர் ஒவ்வொரு அறுந்த இழையாகக் கட்டிக் கட்டித் தன் நேரத்தைக் கரைப்பார். கூலி சேலைக்கு என்பதால் அந்த நேரத்துக்குத் தனியாக எதுவும் கிடைக்காது.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். குறுக்குக் கோடு மூன்று காரணத்தால் வரலாம். எது என்பதைக் கோடே காட்டிக் கொடுக்கும். சம இடைவெளியில், ஐந்தாறு அங்குலத்துக்கு ஒன்றாக வந்தால், நெய்த துணியை உருளை மரத்தில் சுற்றிவிட்டுப் பாவின் இறுக்கத்தைச் சரிபார்க்காமல் தொடர்ந்தார்கள் என்று பொருள். கோட்டிலிருந்து நிறம் மாறி, அப்படியே நீண்டு போனால், புதிய தாரின் நூல் வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்தது. இதில் நெய்தவருக்குப் பங்கே இல்லை, தாரைக் கொடுத்த நாங்கள்தான் பார்த்திருக்க வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒன்றோ இரண்டோ இடத்தில் மட்டும் வந்தால் தறி நின்று கிளம்பிய இடம் அது.

திரும்பி வந்த சேலையில் இரண்டே கோடுகள், நிறத்தில் மாற்றமில்லை. சிறு லென்ஸை வைத்து எண்ணினோம். மற்ற இடத்தில் அங்குலத்துக்கு 80 ஊடை என்ற கணக்கு சரியாக இருந்தது. கோட்டில் மட்டும் ஊடைகளுக்கிடையே இடைவெளி கூடியிருந்தது. நெய்தவர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, பாவை இழுத்துப் பிடிக்கும் கயிறு இறுக்கமாகவே இருந்திருக்கிறது. இழுத்துப் பிடித்த நிலையில் பாவு மெல்ல நீளும், அதோடு துணியின் விளிம்பும் நெய்பவர் பக்கம் நகரும். திரும்பி வந்து போடும் முதல் ஊடை பழைய விளிம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். அதே கயிறு தளர்ந்து போயிருந்தால் நேர்மாறாக ஊடை நெருங்கிக் கெட்டிப் பட்டை வரும்.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். எழுவதற்கு முன் மிதிகளைச் சமமாக விட்டு, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். திரும்பியதும் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ஊடை போடாமல் அச்சை ஒரு முறை மெதுவாக விளிம்பில் தொடவிட்டுப் பார்க்க வேண்டும். விளிம்பு நகர்ந்திருந்தால் கடைசி மூன்று நான்கு ஊடைகளைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் மாலைக்குள் ஒரு சேலை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் போவது அந்த நிமிடம்தான்.

ஊடை நூலை ஈரத்தோடு வைப்பதையும் சிலர் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பருத்தி ஈரத்தில் பலம் கூடும் நூல், நனைந்த ஊடை நெருக்கமாகவும் உட்காரும். குழித்தறியைத் தரையில் வெட்டி அமைப்பதில் கிடைக்கும் நன்மைகளில் இதுவும் ஒன்று: மண்ணின் ஈரம் பாவை முறியவிடாது. மின்விசிறிக் காற்று பாவின் மேல் படும்படி வைத்துவிட்டு இழை ஏன் அறுகிறது என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே இழையில் தெரியும் சிறு முடிச்சு குறையல்ல. இழை அறுந்த இடத்தில் நிறுத்தி, முடிந்து, வால் வெட்டியிருக்கிறார்கள். முடியாமல் விட்டிருந்தால் சேலையின் நீளம் முழுக்க ஓர் இழை காணாமல் போயிருக்கும். கரையோரத்தில் வரிசையாகத் தெரியும் ஊசித்துளைகள் அகலம் குறையாமல் விரித்துப் பிடித்த குச்சியின் தடம், துவைத்தால் மறையும். புதுச் சேலையின் விறைப்பும் அப்படியே: அது தெருவில் தோய்த்த கஞ்சி. சில துவைப்புகளில் இறங்கிவிடும்.

அந்தச் சேலைக்குக் கூலியில் பிடித்தம் செய்யவில்லை. நெய்தவரிடம் துணியையும் லென்ஸையும் கொடுத்து எண்ணச் சொன்னோம். எண்ணிவிட்டு, "ஓ, சாப்பாட்டுக்கு எழுந்த இடம்" என்றார். இப்போது அவர் தறியின் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார், கயிறு எந்த இடத்துக்கு வந்தால் பழைய இறுக்கம் என்று தெரிய.