கனமழையில் இருவர் செல்லும்போது: பாலத்தின் மேலா, கீழா?

கோவையில் கனமழையின்போது இருசக்கர வாகனத்தில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்புபவர்கள் செய்யும் முதல் தவறு, எல்லா மேம்பாலங்களையும் ஒன்றாக எண்ணுவதுதான். ரயில் பாதையைக் கடப்பதற்கான பாலம் வேறு. சிக்னலில் நிற்காமல் போவதற்கான பாலம் வேறு.

காந்திபுரத்திலிருந்து டவுன்ஹாலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ரயில் பாதையைக் கடந்தே ஆகவேண்டும். லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகிலுள்ள சுரங்கப்பாதை, அவிநாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் அடிப்பகுதி ஆகிய மூன்றுமே பெருமழையில் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள். எனவே அன்று அந்தப் பழைய மேம்பாலத்தின் மேலே செல்வதே சரி. வழுக்கலை வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆழம் தெரியாத தண்ணீரில் அதற்கு வழியில்லை.

மாறாக, திருச்சி சாலை மேம்பாலத்தையும் அவிநாசி சாலையின் நீண்ட உயர்மட்டப் பாலத்தையும் மழையில் தவிர்ப்பதே நல்லது. நேரம் மிச்சம் என்று மேலே ஏறினால், காற்று பக்கவாட்டில் தள்ளும். ஒதுங்கி நிற்க இடமிராது. திருச்சி சாலைப் பாலம் 2022-ல் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே சுங்கம் வளைவில் இருசக்கர வாகனங்கள் விபத்துக்குள்ளாகி உயிரிழப்புகள் நேர்ந்தன. வளைவில் பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஈரத் தரையில் டயரின் பிடி எளிதில் விட்டுப்போகும். கீழ்ச்சாலையில் செல்லும்போது தண்ணீர் தேங்கியிருந்தால், கடையோரம் நிறுத்தவாவது முடியும்.

பாலத்தில் ஏறியே ஆகவேண்டுமென்றால், பக்கச் சுவரை ஒட்டிப் போகாதீர்கள். வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டு, தண்ணீரும் மணலும் ஓரத்தில்தான் சேர்ந்திருக்கும். பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும். அவற்றின் மீது பிரேக்கையும் பிடிக்கக்கூடாது, வண்டியையும் சாய்க்கக்கூடாது.

அடுத்த தவறு, முன்னால் போகும் பேருந்தைப் பார்த்து ஆழத்தைக் கணிப்பது. "ஏனுங்க, பஸ்ஸே போகுதுங்க, நாமளும் போயிரலாமுங்க" என்று பின்னிருக்கையிலிருந்து குரல் வரும். 2024 அக்டோபரில் சிவானந்தா காலனி ரயில் பாலத்தடியில் ஒரு பேருந்தே வெள்ளத்தில் சிக்கியது. பேருந்து ஒருவேளை கடந்துவிட்டாலும், அது கிளப்பும் அலை இரண்டு பேர் எடையில் தாழ்ந்திருக்கும் உங்கள் சைலன்சரை மூழ்கடித்துவிடும். சாலையோரத் திட்டு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் உள்ளே இறங்காதீர்கள். நடுவில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தக்கூடாது; எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்பாகங்கள் வளையும். தண்ணீர் ஓடாமல் தேங்கித்தான் நிற்கிறது என்றால், பின்னால் இருப்பவரை இறக்கி, வந்த வழியிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பவேண்டும்.

குடையைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னால் அமர்ந்து குடை விரிப்பவர், காற்றடித்தால் வண்டியையே இழுத்துவிடுவார். மழைக்கோட்டு, சேலை, துப்பட்டா ஆகியவற்றின் நுனிகளைச் சக்கரத்தில் சிக்காதபடி மடக்கி உட்காரச் சொல்லுங்கள்.

ஆழமில்லாத தண்ணீரைக் கடந்து வந்த பிறகும், நனைந்த டிரம் பிரேக் சிறிது தூரம் பிடிக்காது. அடுத்த சிக்னல் வருவதற்குள், மெதுவாக ஓட்டியபடியே இரண்டு மூன்று முறை லேசாகப் பிரேக்கை அழுத்தி, அது பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.