எழுந்தால் வெளியேறுங்கள்: எங்கள் கிளினிக் கணினி மேசையில் ஒட்டிய அறிவிப்பு

செங்கோட்டையில் கிளினிக் நடத்துகிறேன். மலைக்கு அப்பால் ஆரியங்காவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். சென்ற வாரம் அங்கிருந்து வந்த அம்மாளுக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதை நர்ஸ் பதிந்தார். பதிவானதோ முந்தைய நோயாளியின் பக்கத்தில். மருந்துச் சீட்டு எழுதும்போது அம்மாளே சொன்னதால் தப்பித்தோம். பதிந்தவர் என்று இருந்த பெயரும் நர்ஸுடையது அல்ல, முன்பு அந்தக் கணினியில் அமர்ந்து, வெளியேறாமல் எழுந்துபோன ஊழியருடையது.

ஆகவே ஊழியர்களுக்கு: நோயாளி எழுந்ததும் பதிவைச் சேமித்து, மென்பொருளில் Sign out அழுத்துங்கள். உள்நுழைவுப் பக்கம் வந்த பிறகே நாற்காலியை விடுங்கள். மூலையிலுள்ள X போதாது. ஜன்னல்தான் மூடும், உங்கள் கணக்கு பெரும்பாலும் திறந்தே இருக்கும். Windows + L திரையைப் பூட்டும். ஆனால் நம் கணினியைத் திறக்க எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், அடுத்தவர் திறந்தால் உங்கள் பக்கமே எதிரில் நிற்கும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தட்டச்சு செய்யுமுன் திரையின் மேலே இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். வேறு பெயரா? வெளியேறி, உங்கள் கணக்கில் நுழையுங்கள். கூட்டமான திங்கட்கிழமையிலும் இதற்கு அரை நிமிடம்தான். டீக்கு அதைவிட அதிகம் ஆகிறது.