அலையும் அனலாக் ரீடிங்: ஃபில்டர் போடும்போது செய்யும் தவறுகள்

தண்ணீர் பம்பின் குழாயில் ஒரு பிரஷர் சென்சார், அதைப் படிக்க ஒரு ஆர்டுயினோ ஊனோ. பம்பு வறட்டு ஓட்டம் ஓடி பிரஷர் விழுந்தால் அரை வினாடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும். ஆனால் ரீடிங் நிலையாக நிற்காமல் 12 எண் மேலும் கீழும் ஆடுகிறது. 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கை போவது சராசரி எடுக்கத்தான். அங்கேயே முதல் தவறு: "எதற்கும் இருக்கட்டும்" என்று 100 ரீடிங்கைக் கூட்டுவது. சீரற்ற இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். 16 ரீடிங் எடுத்தால் நான்கில் ஒரு பங்காகும், 100 எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. ஆனால் புது மதிப்பு முழுதாக வந்து சேர 80 மில்லி வினாடிக்குப் பதில் 500 ஆகும். நமக்கு இருந்த நேரம் அத்தனையும் போச்சு. எனவே எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, எண்ணிக்கையை அப்புறம் முடிவு செய்யுங்கள்.

16 என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்று 20 மில்லி வினாடி; 80 என்பது சரியாக நான்கு சுற்று. அதனால் மின்கம்பியிலிருந்து ஏறும் ஹம் சராசரியில் அழிந்துவிடும். 18 எடுத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

பழைய ரீடிங்குகளைச் சேமிக்க இடமில்லை என்றால் முதல்நிலை ஃபில்டர் நல்லது. புது ரீடிங் `x`-க்கும் ஃபில்டரின் மதிப்பு `y`-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் `y`-இல் சேர்ப்பதுதான் இது. நான் பெரும்பாலும் இதைத்தான் போடுவேன். இதில் பலர் மாட்டுவது முழு எண் வகுத்தலில்:

```
y += (x - y) / 16;
```

வித்தியாசம் 15 அல்லது அதற்குக் கீழே வந்ததும் வகுத்தல் பூஜ்யம் தரும். `y` அங்கேயே நின்றுவிடும். 5 வோல்ட்டுக்கு 1023 என்றால் 15 எண் என்பது சுமார் 73 மில்லிவோல்ட். பிரஷர் ஏறி நின்றபின் ரீடிங் கொஞ்சம் குறைவாகவும், இறங்கி நின்றபின் கொஞ்சம் அதிகமாகவும் காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். பின்னப் பகுதியைத் தொலைக்காமல் வைத்தால் போதும்:

```
acc += x - (acc >> 4);
y = acc >> 4;
```

`acc`-ஐ `long` ஆக வைத்து, முதல் ரீடிங்கை 16ஆல் பெருக்கி அதில் போட்டுத் தொடங்குங்கள். பூஜ்யத்தில் தொடங்கினால், ஆன் செய்த கையோடு "பிரஷர் இல்லை" என்று மோட்டார் நின்றுவிடும்.

பதினாறில் ஒரு பங்கு என்பதை 16 ரீடிங் சராசரிக்குச் சமம் என்று நினைப்பதும் தவறு. இரைச்சலை அடக்குவதில் அது 31 ரீடிங் சராசரிக்குச் சமம். 95 சதவீதம் எட்ட ஏறத்தாழ 240 மில்லி வினாடி ஆகும். 16க்கு இணை வேண்டுமென்றால் எட்டில் ஒரு பங்கு, அதாவது `>> 3` போடுங்கள். தொடக்கத்தில் பெருக்குவதும் 8ஆல்.

இந்தக் கணக்கெல்லாம் 5 மில்லி வினாடி இடைவெளிக்குத்தான். பிறகு ஒருநாள் எல்சிடிக்காக லூப்பில் `delay(95)` சேர்த்தால் அதே 240 மில்லி வினாடி ஐந்து வினாடியாகிவிடும். ரீடிங் எடுப்பதை `millis()` வைத்துத் தனியாக ஓடவிடுங்கள்.