பாதியில் விலகும் திட்ட மேலாளர் ஒப்படைப்புக் குறிப்பை எழுதுவது எப்படி? ஒரு கட்டுமானத் தளத்தை வைத்துச் செய்முறை விளக்கம்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு திட்ட மேலாளர் விலக நேரிட்டால், அடுத்து வருபவருக்கு வரைபடங்களும் ஒப்பந்தங்களும் கோப்புகளாகக் கிடைத்துவிடும். எது எந்த அளவில் நிற்கிறது, எது எப்போது கெடக்கூடும், எந்த முடிவு யாருடைய மேசையில் காத்திருக்கிறது என்ற மூன்றும் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. அவற்றை எழுதித் தருவதே ஒப்படைப்புக் குறிப்பு. முதன்முறையாக இதை எழுதுபவர்களுக்காக ஒரு மாதிரித் தளத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில், தரைமட்டத்தில் வாகன நிறுத்தமும் அதன் மேல் 5 தளங்களுமாக 20 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று கட்டப்படுகிறது. நான்காம் தளத்தின் கூரைக் கான்கிரீட் ஆகஸ்ட் 12 அன்று போடப்பட்டது. குறிப்பு எழுதப்படும் நாள் ஆகஸ்ட் 20; மேலாளரின் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 28.

முதல் படி: நிலையைச் சதவீதத்தில் எழுதாதீர்கள்

"கட்டுமானம் 60 சதவீதம் முடிந்துள்ளது" என்ற வரியை வைத்துக்கொண்டு புதியவரால் எதுவும் செய்ய முடியாது. அது செலவான தொகையின் சதவீதமா, செய்த வேலையின் சதவீதமா என்பதே அவருக்குத் தெரியாது. பெரும்பாலான தளங்களில் இவ்விரண்டும் ஒத்துப்போவதும் இல்லை. எனவே ஒவ்வொரு வேலையையும் கடைசியாகக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த இடத்தில் நிறுத்தி, தேதியோடு எழுதுங்கள். நமது தளத்தின் கூரையைப் பற்றி எழுதினால் குறிப்பு இப்படி அமையும்:

> நான்காம் தளக் கூரை, எம் 25 தரக் கான்கிரீட், ஆகஸ்ட் 12 அன்று போடப்பட்டது. மாதிரிக் கட்டிகளை நசுக்கி வலிமை பார்க்கும் ஏழாம் நாள் கியூப் சோதனை ஆகஸ்ட் 19 அன்று முடிந்தது. சராசரி வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 18 நியூட்டன். இருபத்தெட்டாம் நாள் சோதனை செப்டம்பர் 9 அன்று வரும். கியூப்கள் ஆய்வகத்தில் உள்ளன. கூரைக் கான்கிரீட் பலகையின் அடியிலுள்ள முட்டுகளை எடுக்கலாம். உத்திரங்களின் முட்டுகளை ஆகஸ்ட் 26-க்கு முன்பும், கூடத்தின் மேலுள்ள நீண்ட உத்திரத்தின் முட்டுகளைச் செப்டம்பர் 2-க்கு முன்பும் எடுக்கக் கூடாது. இந்தத் தேதிகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் அளித்துள்ளார்.

இந்தத் தேதிகள் கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதிநூலை ஒட்டியவை. அதன்படி 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள பலகைக்கு 7 நாளும், 6 மீட்டர் வரை உள்ள உத்திரத்திற்கு 14 நாளும், அதற்கு மேற்பட்ட உத்திரத்திற்கு 21 நாளும் முட்டு நிற்க வேண்டும். அந்தக் கணக்கு சாதாரண போர்ட்லாந்து சிமென்ட்டுக்கும் முறையாக நீர் ஊற்றிப் பதப்படுத்துவதற்கும் உரியது. சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் நாட்கள் கூடக்கூடும் என்பதால்தான் பொறியாளரின் ஒப்புதலைக் குறிப்பில் தனியே சொல்கிறோம். இவ்வளவு விரிவு ஏன் என்று தோன்றலாம். கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சுகளை அமைக்கும் சென்டரிங் ஒப்பந்ததாரருக்கு அதே முட்டுகள் ஐந்தாம் தளத்திற்குத் தேவைப்படுகின்றன. பொறுப்பு கைமாறும் வாரத்தில், "பழைய சார் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்" என்று அவர் புதியவரிடம் வந்து நிற்பது நடக்கக்கூடியதே. எழுதிய தேதி ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பணத்தின் நிலையையும் இதே முறையில் எழுத வேண்டும். வேலை நடக்க நடக்கத் தரப்படும் ஆர்.ஏ. பில்களில் எத்தனையாவது வரை பணம் கொடுத்தாயிற்று, எந்த வேலைக்குப் பகுதித்தொகை மட்டும் கொடுக்கப்பட்டுள்ளது, அளவுப் புத்தகத்தின் எந்தப் பக்கம் வரை சரிபார்த்துக் கையெழுத்திடப்பட்டுள்ளது, முன்பணத்தில் இன்னும் எவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கிறது என்பன போதும். இவற்றுள் பகுதித்தொகையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் தளப் பூச்சு வேலைக்கு ஏற்கெனவே 70 சதவீதம் கொடுத்திருப்பது தெரியாவிட்டால், புதியவர் அடுத்த பில்லில் அதே வேலைக்கு முழுத்தொகையையும் சான்றளித்துவிடக்கூடும்.

இரண்டாம் படி: இடர் என்றால் அதன் அறிகுறியையும் எழுதுங்கள்

"மழையால் தாமதம் ஏற்படலாம்" என்பது எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். இந்தத் தளத்தில் மழை எந்த இடத்தைத் தாக்கும், அது தாக்கத் தொடங்கியதை எதைப் பார்த்து அறிவது, அப்போது முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதினால்தான் அது புதியவருக்குப் பயன்படும்.

நமது தளத்தின் முன்புறத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்காக 3 மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர் அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில், ஆழமற்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் நடுவிலோ மூன்றாம் வாரத்திலோ தொடங்கும். அதற்குள் தொட்டியின் சுவர்களைக் கட்டி, சுற்றிலும் மண் நிரப்பியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஈர மண் சரிந்து அந்தச் சுவரையும் இழுத்துக்கொண்டு வரும். குறிப்பில் இதை எழுதும்போது, சுவரில் ஏற்கெனவே இரண்டு விரிசல்கள் இருந்தன, குழி தோண்டுவதற்கு முன்பே அவை வீட்டு உரிமையாளர் முன்னிலையில் படம் எடுக்கப்பட்டன, அவற்றின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசித் தேதி எழுதப்பட்டுள்ளது என்ற விவரங்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பூச்சு உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். உடனே குழிக்குள் ஆட்கள் இறங்குவதை நிறுத்தி, பக்கவாட்டு முட்டுக் கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். பழைய விரிசலின் படம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் இங்கேயே இடம்பெறட்டும், ஏனெனில் பின்னாளில் தகராறு வந்தால் முதலில் தேடப்படுவது அதுதான்.

இவ்வாறு முழு விவரத்துடன் நான்கைந்து இடர்களை எழுதினால் போதும். முப்பது இடர்களை அட்டவணையாக அடுக்கும் வழக்கம் நிறுவனங்களில் உண்டு. அதில் எதை முதலில் கவனிப்பது என்று புதியவருக்குப் புலப்படாது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுக்குக் குணச்சான்று வழங்காமல், நடப்பதை மட்டும் எழுதுங்கள். "கொத்து வேலை மேஸ்திரி ஒத்துழைக்க மாட்டார்" என்று எழுதினால் புதியவர் தொடக்கத்திலேயே அவரைச் சந்தேகத்துடன் பார்ப்பார், அந்தத் தாள் ஒருநாள் மேஸ்திரியின் கைக்கும் போய்ச் சேரலாம். "சனிக்கிழமை கூலி தள்ளிப்போனால் திங்கட்கிழமை இவருடைய ஆட்கள் வருவதில்லை" என்று எழுதினால் யாரையும் குறை சொன்னதாகாது, புதியவருக்கும் செய்ய வேண்டியது விளங்கிவிடும்.

மூன்றாம் படி: நிலுவை முடிவுகளின் கடைசி நாளைக் கணக்கிடுங்கள்

குறிப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது. "லிஃப்ட் நிறுவனம் இன்னும் இறுதி செய்யப்படவில்லை" என்று மட்டும் எழுதினால், லிஃப்ட் வர இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன என்று புதியவர் அதை ஒதுக்கி வைத்துவிடுவார். உண்மையில் அது அவர் பொறுப்பேற்ற மறுநாளே முடிவாக வேண்டிய விஷயம். மேற்கூரையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காரணம் தெரியும்.

ஐந்தாம் தளத்தின் மேற்கூரைக் கான்கிரீட் செப்டம்பர் 20 அன்று போடப்பட வேண்டும். சென்டரிங், கம்பி கட்டுதல், மின் குழாய் பதித்தல் ஆகியவற்றுக்கு 12 நாட்கள் தேவை, ஆகவே வேலை செப்டம்பர் 8 அன்று தொடங்க வேண்டும். லிஃப்ட் கூண்டுக்கு மேலே எவ்வளவு உயரம் விட வேண்டும், மெஷின் ரூம் உண்டா இல்லையா என்பது தெரியாமல் அந்தப் பகுதியின் சென்டரிங் மட்டத்தை வைக்க முடியாது. லிஃப்ட் நிறுவனமோ ஆர்டர் கிடைத்து 10 நாட்கள் கழித்தே வரைபடம் தரும். எனவே ஆர்டர் ஆகஸ்ட் 29-க்குள் போக வேண்டும். இந்தத் தேதி தள்ளிப்போனால் அடுத்து என்ன நேரும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்: மேற்கூரை தள்ளிப்போகும், மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலை மழைக்காலத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, முடிவை எடுக்கத் தேவையான தகவல்கள்:

> இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. முதல் நிறுவனத்தின் லிஃப்டுக்கு மெஷின் ரூம் தேவை. அனுமதி பெற்ற வரைபடத்தில் அது காட்டப்பட்டுள்ளது. இரண்டாம் நிறுவனத்தின் லிஃப்டுக்கு மெஷின் ரூம் தேவையில்லை. லிஃப்ட் குழி 1.5 மீட்டர் ஆழத்தில் ஏற்கெனவே கான்கிரீட் போடப்பட்டுவிட்டது. அந்த ஆழம் போதும் என்று முதல் நிறுவனம் எழுத்தில் தந்துள்ளது, இரண்டாம் நிறுவனம் தொலைபேசியில் மட்டும் சொல்லியிருக்கிறது. முடிவெடுப்பவர் கட்டட உரிமையாளர். கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் கருத்துத் தர வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரிடமிருந்து இன்னும் வரவில்லை.
>
> என் கருத்து: இரண்டாம் நிறுவனம் குழியின் ஆழத்தை ஆகஸ்ட் 27-க்குள் எழுத்தில் உறுதிசெய்யாவிட்டால் முதல் நிறுவனத்துக்கே ஆர்டர் கொடுக்கலாம்.

உங்கள் கருத்தைத் தகவல்களோடு கலக்காமல் தனிப் பத்தியாக வைத்தால், புதியவர் அதை ஏற்காமல் விடுவதற்கும் வழி இருக்கும். விலகும் வாரத்தில் நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் அவசரமாக முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு வரும். கடைசி நாள் நெருங்கிவிட்டவற்றை மட்டும் உரிமையாளரிடம் கொண்டுபோங்கள். கழிப்பறை டைல்ஸின் நிறம் போன்றவற்றை, அதற்கான நாளைக் குறித்துவிட்டு, புதியவரிடமே விடலாம்.

நான்காம் படி: வாய்மொழியாகச் சொன்னவை

மூன்றாம் தளத்தில் வீடு வாங்குபவர் ஒருவருக்கு, சமையலறைத் தொட்டியை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றித் தருவதாக உரிமையாளர் தளத்தில் நின்றபடியே சொல்லியிருப்பார். ஒப்பந்தத்திலோ வரைபடத்திலோ அது இருக்காது, மேலாளரின் நினைவில் மட்டும்தான் இருக்கும். இத்தகையவற்றை யார், யாரிடம், ஏறத்தாழ எப்போது சொன்னார், எந்த வேலைக்கு முன் அதைத் தீர்க்க வேண்டும் என்ற அளவில் எழுதுங்கள். இந்த மாற்றத்திற்குக் கழிவுநீர்க் குழாயின் பாதை மாறும், ஆகவே அந்த வீட்டின் செங்கல் கட்டு வேலைக்கு முன்பே தீர்க்க வேண்டும்.

வாய்மொழி வாக்குகளில் கட்டடத்தின் வெளி அளவை மாற்றுபவற்றைத் தனியாகக் குறியுங்கள். மொட்டை மாடியில் கூடுதலாக ஓர் அறை, நீட்டிய பால்கனி போன்றவை அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து விலகியவை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைப்பதற்கு அவை தடையாகும். இந்த அளவுள்ள குடியிருப்புக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. உரிமையாளருக்கு இதை எச்சரித்து அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் அதன் தேதியைக் குறிப்பிடுங்கள்.

கடவுச்சொற்களைக் குறிப்பில் எழுத வேண்டாம். எந்தக் கணக்கு யார் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளது என்பது மட்டும் போதும்.

ஐந்தாம் படி: குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தைச் சுற்றுங்கள்

குறிப்பைக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் புதியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, பிறகு இருவரும் சேர்ந்து மேல்தளத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழி வரை நடந்து வாருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி என்பதால், பதிலை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஓரத்தில் எழுதிச் சேருங்கள். சென்டரிங் ஒப்பந்ததாரரும் கொத்து மேஸ்திரியும் அந்தச் சுற்றில் சிறிது நேரம் உடனிருப்பது நல்லது. உத்திர முட்டுகளின் தேதியை அவர்கள் முன்னிலையிலேயே வாசித்துவிடலாம். திருத்தங்களைச் சேர்த்த பிறகு இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உரிமையாளருக்கும் ஒன்றைக் கட்டடக் கலைஞருக்கும் அனுப்புங்கள். விலகிய பின் எத்தனை நாள் வரை, எந்த நேரத்தில் உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதைக் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.