சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விழா மேடைகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வது பல வருடங்களாக என் பொறுப்பு. போன மாதம் துறை மன்றத் தொடக்க விழாவில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நான்கு தாள்களோடு மைக் முன்னால் போய் நின்றார். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். மைக்கைச் சோதிப்பது, பெயரைச் சரியாக உச்சரிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயோடேட்டாவை அப்படியே வாசிப்பது

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். விருந்தினரின் உதவியாளர் அனுப்பும் பயோடேட்டா அலுவலகக் கோப்புக்காக எழுதப்பட்டது. படிப்பில் தொடங்கி வருட வரிசையில் பதவிகள், குழுக்கள், கட்டுரைகளின் எண்ணிக்கை என்று போகும். தாளைக் கையில் வைத்துப் படிப்பவர் வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்வார். அரங்கில் உட்கார்ந்து கேட்பவரால் அது முடியாது. ஐந்தாவது பதவியைச் சொல்லும்போது முதல் பதவி மறந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு விருந்தினரை அறிமுகம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு பதவியை விட்டாலும் மரியாதைக் குறைவு என்று நினைத்து, பதினொரு நிமிடம் வாசித்தேன். அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு. அவர் பேச எழுந்தபோது மணி 4.20. கல்லூரிப் பேருந்துகள் 4.40க்குக் கிளம்பும். அரை மணி நேரத்துக்குக் குறிப்புகள் எழுதி வந்திருந்த மனிதர், பின்வரிசைகளில் பைகள் தோளுக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே முடித்துக்கொண்டார். அவருடைய நேரத்தைத் தின்றது என் நான்கு தாள்கள்தான்.

இரண்டு நிமிடம் போதும். மேடையில் நிதானமாகப் பேசினால், நான் பார்த்தவரை, நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் போகும். அதனால் 150 சொற்களைத் தாண்டாமல் எழுதச் சொல்வேன். எதை வைத்துக்கொள்வது என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்யும்: இன்று எதைப் பற்றிப் பேசப்போகிறார்? அதைப் பேச அவர் செய்த எந்த வேலை அவருக்குத் தகுதி தருகிறது? எதிரில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் விண்வெளித் திட்டங்கள் பற்றிப் பேச மயில்சாமி அண்ணாதுரை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

"நம் சிறப்பு விருந்தினர் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்தவர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிலவை நோக்கிப் புறப்பட்ட சந்திரயான்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். மங்கள்யான் திட்டத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்தவர். 2016ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஒரு விண்வெளித் திட்டம் எப்படி உருவாகிறது என்று இன்று நம்மோடு பேச வந்திருக்கிறார். மயில்சாமி அண்ணாதுரை ஐயா அவர்களை அன்போடு அழைக்கிறேன்."

இதை வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்ற பதவிகளையும் விருதுகளையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஊரும் கல்லூரியும் இருப்பதற்குக் காரணம், கேட்கும் மாணவர்களும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். பெயரைக் கடைசி வரிக்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. கைதட்டல் பெயரோடு சேர்ந்து வரும், அந்த ஓசையிலேயே அவர் எழுந்து வரலாம். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் கைதட்டல் அங்கேயே முடிந்துவிடும், அவர் எழும்போது அரங்கம் அமைதியாக இருக்கும்.

பத்ம விருதைப் பெயரோடு ஒட்டுவது

"பத்மஸ்ரீ" என்பதைப் பெயருக்கு முன்னால் பட்டம் போலச் சொல்லக் கூடாது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. மேலே எழுதியது போல, "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். அழைப்பிதழுக்கும் பேனருக்கும் இதே விதிதான். அச்சுக்குப் போகும் முன் அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லோரையும் டாக்டர் என்பது

ஆய்வுப் பட்டம் பெற்றவர் முனைவர், வைத்தியம் பார்ப்பவர் மருத்துவர்.

மறுபடியும் மேடை வணக்கம்

தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் எல்லோருக்கும் வரவேற்புரையிலேயே வணக்கம் சொல்லியாகிவிட்டது. "அனைவருக்கும் வணக்கம்" போதும்.

"அறிமுகம் தேவையில்லாதவர்"

இந்த வரியை அடித்துவிடுங்கள்.

பழைய பதவியைச் சொல்வது

இணையத்தில் எடுத்த குறிப்பில் இருப்பது பெரும்பாலும் போன வருடத்துப் பதவி. ஒருமுறை எங்கள் மாணவர் ஒருவர், மாற்றலாகி மூன்று வாரம் ஆகியிருந்த அதிகாரியைப் பழைய பதவியின் பெயரால் அழைத்தார். அந்தப் பதவிக்குப் புதிதாக வந்தவரும் அதே மேடையில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து, விழா நாள் காலையில் உதவியாளருக்கு போன் செய்து, எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே மாணவரை மேடைக்கு அனுப்புகிறேன்.