முதல் கதை அச்சில் வந்ததும் பகிர்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வருஷம் என் தங்கையின் முதல் சிறுகதை ஒரு மாத இதழில் வந்தது. தெருவுக்கு வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக் கொடுத்தவரைப் பற்றிய கதை, தலைப்பு 'ஈயம்'. முகநூலில் அவள் இப்படிப் போட்டாள்: "ஏதோ கிறுக்கினேன். பெரிய மனசு பண்ணிப் போட்டிருக்கிறார்கள். நேரமிருந்தால் படியுங்கள், பிழை இருந்தால் மன்னிக்கவும்."

கீழே நாற்பது 'வாழ்த்துகள்' வந்தன. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த இதழ் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூச்சத்தில் இதழின் பெயரையே எழுதாமல் விட்டிருந்தாள்.

நான் பார்த்தவரை முதல் தவறு இந்தக் 'கிறுக்கல்'தான். எழுதியவரே கிறுக்கல் என்று சொல்லும்போது, படிக்கிறவருக்கு அதை மறுத்து ஆறுதல் சொல்வதே வேலையாகிவிடுகிறது. கதைக்குள் போக வழி கிடைப்பதில்லை. அதைத் தேர்ந்தெடுத்த ஆசிரியரின் முடிவையும் சேர்த்துக் குறைக்கிறோம். கூச்சமாக இருந்தால் கூச்சம் என்றே ஒரு வரி எழுதலாம், அது உண்மை. கதையைத் தாழ்த்த வேண்டியதில்லை.

நீளமாக எழுதினால் முகநூலும் இன்ஸ்டாகிராமும் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடும். அந்த இடத்தை முன்னுரைக்குச் செலவழிக்காதீர்கள். தலைப்பு, இதழ், மாதம், பக்க எண் முதலில் வரட்டும். இணைய இதழ் என்றால், இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. அதை உங்கள் முகப்பு அறிமுகத்தில் வைத்துவிட்டு, அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துப் போடுவது. இதழ் இன்னும் கடையில் இருக்கும்போது இதைச் செய்தால் நம்மை அச்சிட்டவர்களின் விற்பனையைத்தான் கெடுக்கிறோம். முழுக்கதையை எப்போது பகிரலாம் என்று ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். அதுவரை தலைப்பும் உங்கள் பெயரும் ஓவியமும் தெரிகிற ஒரு பக்கம் போதும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாளில் எழுத்து வெளுத்துவிடும். ஓவியர் பெயரை விடாதீர்கள், நிறையப் பேர் மறப்பது அதைத்தான்.

கதையை அறிமுகப்படுத்தும்போது முடிவு வெளியே வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கதை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இரண்டு நாள் கழித்து இருவரும் உட்கார்ந்து அவள் பதிவைத் திருத்தினோம். மேலே இதழின் பெயர், மாதம். அதன் கீழே:

"என் முதல் சிறுகதை 'ஈயம்', 42ஆம் பக்கம். ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு வராமல் போன வருஷத்தில் தொடங்குகிறது. பகிரக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. படித்தால் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்."

அன்று மாலையே ஒருவர் எழுதியிருந்தார்: "நவச்சாரப் புகை எழும்புகிற இடத்தில் நின்றுவிட்டேன். என் பாட்டி வீட்டு வாசல் அது." அக்கா, இதைப் பார் என்று போனை நீட்டினாள்.